"இலை" எங்கே முடிகிறது, "இல்லை" எங்கே தொடங்குகிறது? வீட்டிலேயே ஒரு சோதனை

இலை, இல்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது லகரத்தின் நீளம் மட்டும்தான். அந்த நீளத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் சொல்லும் சிறிது சிறிதாக மாறுமா, சட்டென்று மாறுமா?

முதலில் பதிவு. சேலத்தில் மின்விசிறி இரைச்சல் தொல்லை என்பதால் ஏற்காட்டில் அத்தை வீட்டில், இரவில் பதிவு செய்தேன். "இல்லை" என்று ஒருமுறை இயல்பாகச் சொல்லி ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து பாருங்கள். உயிரொலிகள் உயரமாகத் தெரியும். இடையே குள்ளமாகச் சீராக ஓடுவது லகரம். என் பதிவில் அது 200 மில்லி விநாடி.

அடுத்து வெட்டுதல். லகரத்தின் நடுவிலிருந்து 20 மில்லி விநாடி வெட்டிச் சேமியுங்கள். பிறகு 40, பிறகு 60. லகரம் 60 ஆகும்போது கையில் எட்டு ஒலிகள் இருக்கும். ஓரங்களைத் தொடாதீர்கள், நாக்கு எழுவதும் இறங்குவதும் அங்கேதான் பதிந்திருக்கிறது. வெட்டும் முன் `Z` விசையை அழுத்தினால் தேர்வின் முனைகள் அலை சுழியைக் கடக்கும் இடத்தில் போய் நிற்கும். இதை விட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கேட்பவர் லகரத்தை விட்டுவிட்டு அதை வைத்தே பதில் சொல்லிவிடுவார்.

மூன்றாவது, பெயரிடச் சொல்லுதல். ஒவ்வொன்றையும் பத்து முறை, வரிசையைக் கலைத்துப் போட்டுக் காட்டுங்கள். அத்தைக்கு 140-உம் அதற்கு மேலும் எல்லாமே "இல்லை", 100-உம் அதற்குக் கீழும் எல்லாமே "இலை". 120-இல் மட்டும் தடுமாறினார்.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. இரண்டே பெயர்களைக் கொடுத்தால் யாரும் ஏதோ ஓரிடத்தில் கோடு கிழித்துத்தான் ஆகவேண்டும். 1957-இல் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் பேச்சொலி ஆய்வாளர் ஆல்வின் லிபர்மன் குழுவினர், குரலொலிப்புள்ள ப, ட, க ஒலிகளுக்கிடையே 14 செயற்கை ஒலிகளை அமைத்தபோது, வேறுபாடு காதுக்குத் தெரிகிறதா என்றும் சோதித்தார்கள். இரண்டு ஒலிகளைக் கேட்கச் செய்து, மூன்றாவது எதைப் போன்றது என்று கேட்பது அந்த முறை.

நான்காவது படி அதுதான். லகர நீளத்தில் 40 மில்லி விநாடி வேறுபடும் இணைகளை எடுங்கள். வெறும் நீளத்தை அளப்பது மட்டுமே காதின் வேலை என்றால் 60–100 இணைதான் எளிது. சிறிய அளவில் அதே 40 பெரிதாகத் தெரியும். அத்தை அதில் பத்துக்கு ஆறு சரியாகச் சொன்னார், 160–200-இல் ஐந்து, அதாவது குருட்டு ஊகம். 100–140-இல் ஒன்பது! எல்லைக்கோட்டின் இருபுறமும் நிற்கும் ஒலிகள்தான் அவருக்குத் தெளிவாகப் பிரிந்தன.

கோடு ஓரிடத்தில் நிலையாக நிற்பதும் இல்லை. 120 ஒலிக்கு முன்னால் ஒரு வாக்கியத்தை வேகமாகப் பேசி ஒட்டுங்கள். அதே லகரம் நீண்டதாகத் தோன்றி "இல்லை" பக்கம் சாயும். ஒரே பெயரைப் பெற்ற ஒலிகளுக்குள் உள்ள வேறுபாடும் காதில் முழுவதுமாக அழிந்துவிடுவதில்லை. "எது நல்ல இல்லை?" என்று மதிப்பெண் போடச் சொன்னபோது, 140-க்கு அத்தை குறைவாகவே போட்டார். "இல்லைதான், ஆனால் அரை மனதாகச் சொன்னது போல இருக்கிறது" என்றார்.