எக்ஸாம் ஹால், பெஞ்ச் நம்பர் போட INT, MOD ரெண்டு போதும்

மாடல் எக்ஸாம் வந்துட்டா ஸ்டாஃப் ரூம்ல யாராவது ஒருத்தர் நாமினல் ரோலை வச்சுக்கிட்டு 1, 2, 3ன்னு 20 வரைக்கும் டைப் பண்ணி, திரும்ப 1ல இருந்து ஆரம்பிச்சு, அஞ்சாவது ஹாலுக்கு வரும்போது நடுவுல ஒரு பையன் விட்டுப்போச்சுன்னு எல்லாத்தையும் அழிச்சு மறுபடி போட்டுட்டு இருப்பாங்க. இதை ரெண்டு ஃபார்முலால முடிச்சிடலாம். நான் லிப்ரே ஆபீஸ் கால்க்லதான் செய்றேன், காசு கிடையாது, நெட்டும் தேவையில்ல, அதனால ஸ்கூல் சிஸ்டத்துக்கு அதையே சொல்லுவேன். எக்ஸல், கூகுள் ஷீட்ஸ் வச்சிருந்தாலும் ஃபார்முலா இதேதான்.

மொத வரில தலைப்பு போட்டுக்கோங்க. A-ல வரிசை எண், B-ல ரெஜிஸ்டர் நம்பர், C-ல பேர், D-ல ஹால், E-ல பெஞ்ச். தள்ளி H1-ல ஒரு ஹாலுக்கு எத்தனை பேருங்கிற எண்ணிக்கை, இங்க 20ன்னு வச்சுக்குவோம். இப்போதைக்கு ஒரு பெஞ்சுக்கு ஒருத்தர்.

A2-ல இதை அடிச்சு கடைசிப் பேர் வரைக்கும் இழுத்துடுங்க:

```
=ROW()-1
```

ரெஜிஸ்டர் நம்பரையே வரிசை எண்ணா எடுத்துக்காதீங்க. டிசி வாங்கிட்டுப் போன பசங்க நம்பர் நடுநடுல காணாமப் போயிருக்கும், அதை வச்சு கணக்குப் போட்டா அந்தந்த இடத்துல பெஞ்ச் காலியா நிக்கும்.

இப்ப எல்லாருக்கும் இடிக்கிற எடத்துக்கு வரேன். INT வகுத்து வர்ற விடைல புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதை வெட்டிடும், MOD வகுத்தது போக மீதியைக் கொடுக்கும். சரி, அப்ப `INT(A2/20)+1` ஹால், `MOD(A2,20)` பெஞ்ச்னு தோணும், போட்டும் பாப்பீங்க, முதல் 19 பேருக்கு அழகா வரும். 20வது பிள்ளையப் பாருங்க. 20ஐ 20ஆல வகுத்தா 1, கூட 1 சேர்த்தா ஹால் 2. மீதி 0, அதனால பெஞ்ச் 0. அதாவது முதல் ஹால்லயே கடைசி பெஞ்ச்ல உக்கார வேண்டிய பிள்ளை ரெண்டாவது ஹால்ல இல்லாத ஒரு பெஞ்சைத் தேடிட்டு நிக்கும். 40, 60, 80க்கும் இதே கதைதான். மேல இருக்கிற பத்து வரியை மட்டும் பாத்துட்டு சரியா இருக்குன்னு பிரிண்ட் போட்டா இது கண்ணுலயே படாது.

காரணம் என்னன்னா மீதி எப்பவும் 0ல இருந்து 19 வரைக்கும்தான் வரும், நாம எண்றது 1ல இருந்து 20. அதனால முதல்ல ஒண்ணைக் கழிச்சு 0ல ஆரம்பிக்கிற எண்ணா மாத்திக்கணும், கணக்கை முடிச்சுட்டு கடைசில ஒண்ணைக் கூட்டிக்கணும். D2-லயும் E2-லயும் போட வேண்டியது:

```
=INT((A2-1)/$H$1)+1
=MOD(A2-1,$H$1)+1
```

20வது பிள்ளைக்கு 19ஐ 20ஆல வகுத்தா INT 0 தரும், ஹால் 1. மீதி 19, பெஞ்ச் 20. 21வது பிள்ளைக்கு ஹால் 2, பெஞ்ச் 1. கிளாஸ்ல 93 பேர்னா கடைசிப் பிள்ளைக்கு ஹால் 5, பெஞ்ச் 13 வரணும். இந்த மூணு பேரை மட்டும் கண்ணால பாத்துட்டா போதும், நடுவுல இருக்கிறது தப்பாகாது. ஹாலுக்கு மட்டும் ROUNDUP போடலாமேன்னு சிலர் கேப்பாங்க, விடை சரியாத்தான் வரும், ஆனா ஹாலுக்கு ஒரு கணக்கு பெஞ்சுக்கு வேற கணக்குன்னு போகாம ரெண்டுலயும் அதே A2-1 இருந்தாத்தான் அடுத்தவங்க ஷீட்டைத் திறந்தாலும் புரியும்.

டாலர் குறியை விட்டுடாதீங்க. விட்டா கீழ இழுக்கும்போது H1, H2, H3ன்னு எறங்கிடும், அங்க ஒண்ணும் இல்லாததால ரெண்டாவது பிள்ளைல இருந்து `#DIV/0!` வரிசையா நிக்கும். அது வந்தா வேற எங்கயும் தேட வேண்டாம், டாலர்தான்.

இனி ஒரு பெஞ்சுக்கு ரெண்டு பேர், இடது பக்கம் பத்தாவது, வலது பக்கம் பதினொண்ணாவது, அப்பதான் பக்கத்துல பாத்து எழுத முடியாது. இதுக்கு ரெண்டு கிளாஸையும் ஒரே லிஸ்ட்ல கலக்கணும்னு நெனச்சு நிறைய பேர் சிக்கலாக்கிக்கிறாங்க, கலக்கவே வேண்டாம். ரெண்டு கிளாஸுக்கும் தனித்தனி ஷீட், தனித்தனியா 1ல இருந்து வரிசை எண், ரெண்டு ஷீட்லயும் H1-ல 10, ஏன்னா அதே 20 பேருக்கு இப்ப ஹால்ல 10 பெஞ்ச் போதும். மேல சொன்ன அதே ஃபார்முலா. பத்தாவதுல 37வது பிள்ளைக்கும் பதினொண்ணாவதுல 37வது பிள்ளைக்கும் ஹால் 4, பெஞ்ச் 7 வரும், தானா ஜோடி சேந்துடும். பத்தாவதுல 93, பதினொண்ணாவதுல 84ன்னா பதினொண்ணாவது ஹால் 9 பெஞ்ச் 4ல முடிஞ்சிடும், அதுக்கு அப்புறம் ஹால் 10 பெஞ்ச் 3 வரைக்கும் பத்தாவது பிள்ளைங்க தனியா உக்காருவாங்க.

பின்னாடி சேர்த்தது: எங்க ஸ்கூல்ல எல்லா ரூமும் ஒரே சைஸ் இல்லையேன்னு கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. அங்க INT, MOD வேலைக்கு ஆகாது, ஏன்னா வகுக்கிற எண்ணே ஹாலுக்கு ஹால் மாறுது. ஓரமா ஒரு சின்ன டேபிள் போடுங்க: J-ல அந்த ஹால் எந்த வரிசை எண்ல ஆரம்பிக்குது, K-ல ஹால் பேர். முதல் ரூம் 20, ரெண்டாவது 30, மூணாவது 15, நாலாவது எவ்வளவோ அப்படின்னா J2-ல இருந்து 1, 21, 51, 66. இந்த வரிசை ஏறுமுகமாத்தான் இருக்கணும், இல்லாட்டி, வரிசை எண்ணைத் தாண்டாத கடைசி எண்ணை J-ல தேடி எடுக்கிற LOOKUP தப்பான ஹாலைக் கொடுக்கும், எரரும் காட்டாது. அப்புறம் D2, E2:

```
=LOOKUP(A2,$J$2:$J$5,$K$2:$K$5)
=A2-LOOKUP(A2,$J$2:$J$5)+1
```

58வது பிள்ளைக்கு மூணாவது ஹால், 58-51+1, பெஞ்ச் 8. ஒண்ணு கவனிங்க, கடைசி ஹால் எவ்வளவு கொள்ளும்னு இதுக்குத் தெரியாது, மிச்சம் இருக்கிற எல்லாரையும் அங்கயே போட்டுடும், அதை நீங்கதான் எண்ணிப் பாக்கணும்.

இன்னொண்ணு: பிரிண்ட் போட்டு ஹால் கதவுல ஒட்டின பிறகு ஒருத்தர் ஷீட்ல ஒரு வரியை டெலிட் பண்ணிட்டாராம், அதுக்குக் கீழ அத்தனை பேருக்கும் பெஞ்ச் ஒண்ணு முன்னாடி நகந்துடுச்சு, கதவுல ஒரு நம்பர், சூப்பர்வைசர் கைல இருக்கிற லிஸ்ட்ல வேற நம்பர். ROW() வரி எங்க இருக்குன்னுதான் பாக்கும், அதனால பேர் வரிசைல சார்ட் பண்ணாலும் இதே ஆகும். லிஸ்ட் முடிவானதும் A, D, E மூணையும் ஒவ்வொண்ணா தனித்தனியா காப்பி பண்ணி, பேஸ்ட் ஸ்பெஷல்ல வேல்யூஸ் மட்டும் அதே இடத்துல ஒட்டிடுங்க. அதுக்கு அப்புறம் டெலிட், சார்ட் எது பண்ணாலும் யாரோட எடமும் மாறாது. லேட்டா சேர்ற பிள்ளைய நடுவுல நுழைக்காம கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணைக் கொடுங்க.

எக்ஸாம் அன்னிக்கு ஒரு பெஞ்ச் காலியா இருந்தா அங்க யார் வரணும்னு சூப்பர்வைசர் கேப்பாங்க. லிஸ்ட்டைப் பொரட்ட வேண்டாம், கணக்கைத் திருப்பிப் போட்டா போதும். ஹால்ல இருந்து ஒண்ணைக் கழிச்சு H1-ல இருக்கிற எண்ணால, இங்க 20ஆல, பெருக்கி பெஞ்சைக் கூட்டுங்க. ஹால் 3, பெஞ்ச் 7னா 47வது பிள்ளை. லிஸ்ட்டு சார்ட் ஆகாம, வரி எதுவும் டெலிட் ஆகாம இருந்தா, தலைப்பு வரியைச் சேர்த்து ஷீட்ல 48வது வரி.