சிலிண்டர் போட்டோவைப் பார்த்து சோதனைத் தேதியைப் படிப்பது எப்படி

ஏற்காட்டு மலையில் இருக்கும் எங்கள் உறவுக்காரர்கள் பலருக்கு சிலிண்டர் வண்டி வீட்டு வாசல் வரை வராது. மெயின் ரோட்டில் நிற்கும், அங்கே போய்த்தான் வாங்கிக்கொண்டு வர வேண்டும். வாங்கிய சிலிண்டர் காலாவதி ஆனதா இல்லையா என்பதை வண்டி கிளம்புவதற்குள் பார்த்துவிட வேண்டும். அதனால் அவர்கள் அங்கேயே நின்று ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார்கள். சேலத்தில் இருக்கும் நான் அதைப் பார்த்து "வாங்கலாம்" அல்லது "மாற்றச் சொல்லுங்க" என்று சொல்வேன். இப்படிப் பார்த்துப் பார்த்துக் கிடைத்த முறைதான் இது. 14.2 கிலோ சிவப்பு வீட்டு சிலிண்டரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், தேதி எங்கே இருக்கிறது

சிலிண்டரின் மேலே கைப்பிடியாகப் பயன்படும் வட்ட வளையத்தை மூன்று செங்குத்துப் பட்டைகள் தாங்கி நிற்கும். அந்த மூன்றில் ஒன்றின் உட்புறத்தில், வால்வைப் பார்த்த பக்கத்தில், பெயிண்டால் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் எழுதியிருக்கும். `B-27` என்பது போல. எழுத்து காலாண்டு, எண் ஆண்டு. A என்றால் ஜனவரி முதல் மார்ச், B ஏப்ரல் முதல் ஜூன், C ஜூலை முதல் செப்டம்பர், D அக்டோபர் முதல் டிசம்பர். ஆக `B-27` என்றால் 2027 ஜூன் முடிவதற்குள் அந்த சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இதை "எக்ஸ்பைரி" என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் சிலிண்டருக்கு அப்படி ஒரு முடிவு நாள் கிடையாது. இது அடுத்த சோதனைக்கான கெடு. புது சிலிண்டருக்கு முதல் சோதனை 10 ஆண்டுகளில் வரும், அப்புறம் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை. சோதனையில் தேறினால் புதுத் தேதி எழுதி மறுபடி புழக்கத்துக்கு விடுவார்கள். கெடு தாண்டிய சிலிண்டரில், சோதிக்காமல் கேஸ் நிரப்பக் கூடாது என்பதுதான் விதி.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். விதி நிரப்புவதைப் பற்றியது. `B-26` சிலிண்டரை ஜூன் மாதம் வாங்கி ஆகஸ்ட் வரை எரித்தால் தவறில்லை, பாதியில் கழற்றி வைக்கத் தேவையும் இல்லை. அதே சிலிண்டர் ஆகஸ்டில் உங்கள் கைக்கு வந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். ஏஜென்சி குடோனில் கிடந்த பழைய சரக்கு, கெடுவுக்குள் நிரப்பியதுதான் என்று விளக்கம் சொல்லலாம். அதை வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு சரிபார்க்க வழியில்லை, அதனால் நான் மாற்றித் தரச் சொல்லிவிடுவேன்.

போட்டோ எடுப்பது

எங்களுக்கு அதிகம் தொல்லை கொடுத்தது இந்த இடம்தான். எழுத்து உட்புறத்தில் இருப்பதால், பலர் மேலே இருந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல எடுத்து அனுப்புவார்கள். வால்வும் சிவப்புப் பெயிண்டும்தான் தெரியும், எழுத்து ஒரு கோடாகச் சுருங்கிவிடும். சிலர் செல்ஃபி கேமராவைத் திருப்பி உள்ளே நுழைப்பார்கள். பல போன்களில் அது கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறிப் பதிவாகும்.

இரண்டுமே தேவையில்லை. பட்டைகள் மூன்று என்பதால், ஒவ்வொரு பட்டைக்கும் நேர் எதிரே ஓர் இடைவெளி இருக்கும். எழுத்து இருக்கும் பட்டையைக் கண்டுபிடித்துவிட்டு, சுற்றிப் போய் எதிர்ப்பக்க இடைவெளிக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்காருங்கள். போனை வளையத்தின் உயரத்துக்கு இறக்கி அந்த இடைவெளி வழியாகப் பார்த்தால் எதிர்ப் பட்டையின் உட்புறம் நேராகத் தெரியும். நடுவில் வால்வு மறைக்கும். போனை இடது பக்கமோ வலது பக்கமோ இரண்டு விரல் நகர்த்தினால் போதும்.

அடுத்தது ஃபோகஸ். போன் தானாக விட்டால் கிட்டே இருக்கும் வால்வைத்தான் கூர்மையாகப் பிடிக்கும், பின்னால் இருக்கும் எழுத்து மங்கிவிடும். திரையில் அந்தப் பட்டையின் மேல் ஒரு தட்டு தட்டி, ஒரு நொடி பொறுத்து எடுங்கள். மலையில் இருப்பவர்கள் அதற்கு முன்னால் லென்ஸைத் துணியால் துடைத்துவிடுங்கள். காலை மூடுபனியில் எடுத்த படங்கள் எல்லாம் பால் ஊற்றியது மாதிரிதான் வருகின்றன.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பளபளப்பான பெயிண்டில் வெளிச்சம் பட்டு, சரியாக எழுத்து இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். பக்கத்தில் இருப்பவரின் போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடிக்கச் சொல்லுங்கள். மூன்று பட்டைகளையும் தனித்தனியாக எடுத்து அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் HD தெரிவை அழுத்தி. ஒரே படம் வந்தால் நான் மறுபடி கேட்பேன், அதற்குள் வண்டி போய்விடும்.

போட்டோவைப் படிப்பது

முதலில் படம் தலைகீழா என்று பாருங்கள். ஆண்டு `92` என்றோ `62` என்றோ வந்தால் பதற வேண்டாம், படத்தைத் திருப்புங்கள். `26`-ஐத் தலைகீழாகப் பார்த்தால் `92`, `29`-ஐப் பார்த்தால் `62`. எழுத்து எண்ணுக்குப் பின்னால் நின்றாலும் படம் தலைகீழாகவோ இடம் வலம் மாறியோ வந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடிப் பிம்பமாக வந்திருந்தால் B, C, D மூன்றும் வயிற்றை மறுபக்கம் தள்ளி நிற்கும், உடனே தெரிந்துவிடும். A மட்டும் காட்டிக்கொடுக்காது. அப்போது எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அச்சுத் தகடு வைத்து அடித்த எழுத்துகளில் நடுநடுவே இடைவெளி இருக்கும். D-யின் முதுகு உடைந்து 0 போலவும், B உடைந்து 8 போலவும் தெரியும். முதலில் வருவது எப்போதும் A, B, C, D நான்கில் ஒன்றுதான், எனவே அங்கே எண்ணைத் தேடாதீர்கள்.

எழுத்து மங்கலாக இருந்தால் நான் ஸ்னாப்சீட் செயலியில் Black & White போய் வண்ண வடிகட்டியை மாற்றிப் பார்ப்பேன். சிவப்பு வடிகட்டி போட்டால் சிலிண்டரின் சிவப்பு வெளுத்து, கறுப்பு எழுத்து எழும்பி நிற்கும். வெள்ளை எழுத்தாக இருந்தால் பச்சை வடிகட்டி போடுங்கள், சிவப்பு கறுத்துப் போய் வெள்ளை தனியாகத் தெரியும். எழுத்தைத் தானாகப் படித்துத் தரும் செயலிகளை நான் நம்புவதில்லை. வளைந்த இரும்பில், துருவுக்கு நடுவே இருப்பதை அவை கண்டபடி படிக்கின்றன.

துரு தின்ற தேதி: ஓர் உதாரணம்

2025 நவம்பரில் நாகலூர் சித்தி அனுப்பிய படம் இது. C தெளிவாக இருந்தது, பக்கத்தில் ஒரு கோடு, ஒரு 2. கடைசி இலக்கத்தின் மேல் பாதியைத் துரு தின்றுவிட்டது. கீழே வளைந்த அடிவயிறு மட்டும் மிச்சம். அது 3, 5, 6, 8 எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். `C-26` என்றால் வாங்கலாம், `C-25` என்றால் செப்டம்பரோடு கெடு முடிந்துவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் பெயிண்டை விட்டுவிட்டுப் பொறித்த எழுத்தைத் தேட வேண்டும். பட்டைகளில் எடை, வரிசை எண் போன்ற விவரங்களோடு தயாரித்த மாதமும் ஆண்டும் இரும்பிலேயே குத்திப் பொறித்திருக்கும். பெயிண்ட் போனாலும் அது போகாது, ஆனால் நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தட்டுப்படாது. டார்ச்சைப் பட்டையோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும்.

"கண்ணு, வண்டிக்காரர் அவசரப்படுத்துறாரு" என்றார் சித்தி. "ஒரு நிமிஷம் சித்தி, டார்ச்சைச் சாய்ச்சு மத்த ரெண்டு பட்டையையும் எடுங்க" என்றேன். இரண்டாவது பட்டையில் `08 15` கிடைத்தது. 2015 ஆகஸ்ட் என்பது அந்த ஆண்டின் C காலாண்டு, எழுத்தோடு பொருந்துகிறது. வேறு எந்தத் தேதியும் பொறிக்கவில்லை, அதாவது இடையில் சோதனை நடந்த அடையாளம் இல்லை. எனவே முதல் கெடு 10 ஆண்டு கழித்து, `C-25`. மாற்றச் சொன்னேன். வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே `D-27` போட்ட இன்னொன்றை இறக்கிக் கொடுத்தார்.

பொறித்த தேதிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாக உள்ளதை எடுத்துக்கொண்டு 5 ஆண்டு கூட்டுங்கள். நீங்கள் போட்ட கணக்கும் பெயிண்டில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் அது மோசடி என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆனாலும் அந்த சிலிண்டரை எடுக்காமல் வேறு கேளுங்கள். பெயிண்டும் இல்லை, பொறிப்பும் படிக்க முடியவில்லை என்றாலும் அப்படியே.

பின்சேர்க்கை

இதைப் படித்த இரண்டு மூன்று பேர் ஒரே குழப்பத்தைச் சொன்னார்கள். பட்டையில் `16.2` என்று பார்த்துவிட்டு 2016 பிப்ரவரி என்று எடுத்துக்கொண்டு, பழைய சிலிண்டர் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அது காலி சிலிண்டரின் எடை, கிலோவில். சாதாரணமாக 15, 16 கிலோவை ஒட்டி இருப்பதால் ஆண்டு போலவே ஏமாற்றும். புள்ளி இருந்தால் எடை, முன்னால் எழுத்து இருந்தால் கெடு. அந்த எடையோடு 14.2 கூட்டினால் நிரம்பிய சிலிண்டர் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வந்துவிடும். `16.2` என்றால் 30.4 கிலோ. வண்டியில் தராசு இருந்தால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொருவர், தேதி சரியாக இருந்தும் வீட்டில் மாட்டியதும் வாடை வந்தது என்று எழுதியிருந்தார். தேதி சோதனைக் கெடுவை மட்டும்தான் சொல்லும். வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் நேற்றுச் சோதித்த சிலிண்டரும் கசியும். மூடியைக் கழற்றியதும் வால்வு வாயில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று வண்டி நிற்கும்போதே பார்த்துவிடலாம். வீட்டில் கசிவு தெரிந்தால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, மூடியைப் போட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மின் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

கண்ணாடி இழையில் செய்த புதுவகை சிலிண்டருக்கும் இதே முறையா என்று கேட்டவருக்கு: அதில் இந்த இரும்புப் பட்டைகளே கிடையாது, எனவே இந்தப் பதிவு அதற்கு உதவாது.