"கேள்வி கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு விடையையும் சொல்லிவிடும் தொடக்கவுரை

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கண்காட்சி தொடங்கும் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான். மாலை, மங்கல விளக்கு, இறைவணக்கம், பாடசாலைக் கீதம், வரவேற்புரை, அதிபர் உரை. அதற்குப் பிறகுதான் தொடக்கவுரைக்காரரின் கைக்கு ஒலிவாங்கி வரும். அதற்குள் தரம் 6 பிள்ளைகள் சப்பாணி கட்டி அரை மணித்தியாலம் இருந்து கால் மரத்துப் போயிருப்பார்கள். அவர்களிடம் ஏழு நிமிடத்துக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அந்த ஏழில் இரண்டு நிமிடத்தை மேடையில் உள்ளவர்களைப் பதவி வாரியாக விளிப்பதில் கரைப்பது முதல் தவறு. வரவேற்புரையில் எல்லாப் பெயரும் வந்துவிட்டது. "மேடையில் உள்ள அனைவருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்" என்பது போதும். யாரும் மனம் கோணுவார்களோ என்று தோன்றினால் அதிபரிடம் முதல் நாளே ஒரு சொல் சொல்லி வைக்கலாம்.

நியூட்டனின் அப்பிளும் ஆர்க்கிமிடீசின் குளியல் தொட்டியும் அடுத்தவை. பிள்ளைகள் அவற்றை முன்பே கேட்டவர்கள். அதோடு, இரண்டிலும் கேள்வியும் விடையும் ஒரே நொடியில் வேறொருவருக்கு வந்து முடிந்துவிடுகின்றன. கேட்பவருக்குச் செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை.

மூன்றாவது தவறு கொஞ்சம் நல்ல பேச்சாளர்கள் விடுவது. வெறும் வாயால் பேசாமல் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று நினைத்து, தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் மெழுகுதிரி கொளுத்தி, மேலே கண்ணாடிப் போத்தலைக் கவிழ்ப்பார்கள். சுடர் அணையும், தண்ணீர் ஏறும், மண்டபம் கைதட்டும். உடனே சொல்வார்கள்: "பார்த்தீர்களா பிள்ளைகள், காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன். மெழுகுதிரி அதை எரித்து முடித்துவிட்டது. அந்த இடத்துக்குத்தான் தண்ணீர் ஏறியிருக்கிறது." கேட்க நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் பிழை. பிழை என்பதைப் பிள்ளைகளே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். அதனாலேயே தொடக்கவுரைக்கு இதைவிடப் பொருத்தமான பரிசோதனை கிடைப்பது கடினம். விளக்கத்தை மட்டும் வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த விளக்கம் சரி என்றால் என்ன நடந்திருக்க வேண்டும்? சுடர் எரிய எரிய ஒட்சிசன் குறைகிறது, ஆகவே தண்ணீரும் எரியும் நேரம் முழுவதும் மெல்ல மெல்ல ஏற வேண்டும். கிட்ட இருந்து பார்த்தால் நடப்பது வேறு. போத்தலைக் கவிழ்க்கும்போது, விளிம்பு தண்ணீரைத் தொட்ட சில கணங்களில், வெளிப்பக்கமாகக் குமிழிகள் போவதைப் பல தடவை காணலாம். எரியும் நேரத்தில் நீர்மட்டம் அவ்வளவாக அசையாது. சுடர் சுருங்கி அணையும் தறுவாயில்தான் தண்ணீர் விறுவிறு என்று ஏறும். சுடருக்கு மேலே பிடித்த போத்தலுக்குள் சூடான, விரிந்த காற்று நிறைந்திருந்தது. அணைந்ததும் அது குளிர்ந்து சுருங்கியது, நீராவியும் ஒடுங்கியது, வெளியே உள்ள வளிமண்டல அமுக்கம் தண்ணீரை உள்ளே தள்ளியது. இதுதான் பெரும்பங்கு.

ஒட்சிசனுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, மிகச் சிறியது. சாதாரண மெழுகுதிரி காற்றில் உள்ள 21 சதவீத ஒட்சிசனையும் தீர்த்துவிட்டு அணைவதில்லை. அது சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே சுடர் தாக்குப்பிடிக்காது. 500 மில்லிலீற்றர் போத்தலில் அது 25 மில்லிலீற்றர் ஒட்சிசன். அதற்குப் பதிலாக மெழுகு எரிந்து 16 மில்லிலீற்றர் அளவில் காபனீரொட்சைட்டு வந்து சேர்கிறது. அது அவ்வளவு கெதியில் தண்ணீரில் கரைந்துவிடாது. மிச்சக் குறைவு ஒன்பது மில்லிலீற்றர் வரை. பேச்சாளர் சொல்லும் ஐந்தில் ஒன்று 100 மில்லிலீற்றர். ஒரு மெழுகுதிரியோடு தண்ணீர் சில வேளை தற்செயலாக அந்த அளவுக்குக் கிட்டப் போய் நிற்கும். இந்தப் பிழை இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு அந்தப் பொருத்தம்தான் காரணம் போலும்.

இந்தக் கணக்கு எதையும் மேடையில் சொல்ல வேண்டாம். மேடையில் நடக்க வேண்டியது இவ்வளவு. முதலில் கேள்வி: "தண்ணீர் ஏறப் போகிறது. சுடர் எரியும்போது ஏறுமா, அணைந்த பிறகு ஏறுமா?" கையை உயர்த்தச் சொன்னால் சின்ன வகுப்புகள் உயர்தர அண்ணன்மாரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உயர்த்தும். ஆகவே எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, எரியும்போது என்பவர்கள் ஒரு விரலையும் பிறகு என்பவர்கள் இரண்டு விரலையும் நெஞ்சருகே காட்டச் சொல்லுங்கள். பிறகு மூன்று பிள்ளைகளை மேடைக்கு அழையுங்கள். பின்வரிசைக்குப் போத்தல் தெரியாது. இந்த மூவரும்தான் மண்டபத்தின் கண்கள். ஒருவர் போத்தலில் ஒட்டிய காகித அளவுகோலை உரத்து வாசிப்பார், ஒருவர் செக்கன் எண்ணுவார், ஒருவர் குமிழி வருகிறதா என்று மட்டும் பார்ப்பார். மூன்றாமவரிடம் எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லலாம். என்ன வரும் என்பதைச் சொல்லக் கூடாது.

அதன் பிறகு, "ஒட்சிசன் போன இடத்துக்குத்தான் தண்ணீர் வந்தது என்று ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வது சரியென்றால், ஒன்றுக்குப் பதிலாக மூன்று மெழுகுதிரி வைத்தால் தண்ணீர் கூட ஏறுமா, அதே அளவா?" என்று கேட்டு நிறுத்துங்கள். போத்தலும் காற்றும் மாறவில்லை, ஆகவே அந்த விளக்கப்படி நீர்மட்டமும் மாறக் கூடாது. செய்து பார்த்தால் மூன்று சுடருக்கு நன்றாகக் கூடுதலாக ஏறும். அதை மேடையில் செய்து காட்டாமல், கண்காட்சியின் ஒரு மேசையில் பொருட்களோடு வைத்துவிடுவது நல்லது.

கேட்டுவிட்டு உடனே "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்துவதும் ஒரு தவறு. மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். மேடையில் அது ஒரு யுகம் மாதிரி இருக்கும். கீழே இருப்பவர்களுக்கு யோசிக்க அதுதான் காணும். பிழையான விடை வந்தால் "பிழை" என்றோ, முகத்துக்காக "நல்ல விடை" என்றோ சொல்லாமல், "அப்படியென்றால் அடுத்ததாக என்ன நடக்க வேண்டும்?" என்று அந்தப் பிள்ளையிடமே திருப்பிக் கேளுங்கள்.

ஆயத்தத்தில் சறுக்குபவை சில. போத்தலின் வாய் தட்டில் படிந்து ஒட்டிக்கொண்டால் தண்ணீர் உள்ளே போக வழியிருக்காது. விளிம்புக்கு அடியில் இரண்டு நாணயம் வைக்க வேண்டும். தட்டில் தண்ணீர் குறைவாக இருந்தால் பாதி ஏறியதும் அடியால் காற்று "களக்" என்று புகுந்து மட்டம் விழுந்துவிடும். அரை லீற்றர் போத்தலுக்குக் குழிவான தட்டில் 300 மில்லிலீற்றராவது வேண்டும். மூன்று சுடருக்குக் கேக்கில் குத்தும் சிறிய மெழுகுதிரிகள் வசதி. சுடருக்கும் போத்தலின் அடிக்கும் இடையில் ஐந்து சென்ரிமீற்றராவது விடாவிட்டால் கண்ணாடி வெடிக்கக்கூடும். போத்தலை எவ்வளவு மெதுவாக இறக்குகிறோம் என்பதும் முடிவை மாற்றும்: சுடருக்கு மேல் கூட நேரம் பிடித்தால் கூடச் சூடான காற்று அகப்படும், தண்ணீரும் கூட ஏறும். ஒப்பிடும்போது இரண்டு தடவையும் ஒரே எண்ணிக்கையில் இறக்க வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் திறந்த மண்டபத்தில் சுடர் நிற்காது. மின்விசிறியை நிறுத்தி, மூன்று பக்கமும் காட்போட் மட்டை வைத்து மறையுங்கள்.

கடைசித் தவறு உரையின் முடிவில் வரும். "எதையும் ஏன் என்று கேளுங்கள்" என்று சொல்லி இறங்கிவிடுவார்கள். "ஏன்" என்று கேட்டு நிற்கும் பிள்ளைக்கு அடுத்ததாக எதைக் கையில் எடுப்பது என்று தெரியாது. எதை மாற்றினால் எது எவ்வளவு மாறும் என்று கேள்வியைத் திருப்பிக் காட்டினால் அது மேசைக்கு வந்துவிடும். குடாநாட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடக்கும் கேள்வி ஒன்று: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் ஏன் நுரைக்கக் கஷ்டப்படுகிறது? விடை சுண்ணக்கல்லில் இருக்கிறது என்று சொல்லிவிடாமல் இப்படி மாற்றுங்கள்: "கிணற்று நீர், மழைநீர், கொதிக்க வைத்து ஆறிய கிணற்று நீர், மூன்றிலும் ஒரு நிமிடம் நிலைக்கும் நுரை வர எத்தனை துளி சவர்க்காரக் கரைசல் வேண்டும்?"

செய்முறை சுலபம். ஐந்து கிராம் சவர்க்காரத்தைச் சீவி 100 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு மழைநீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரியான மூன்று போத்தலில் 50 மில்லிலீற்றர் வீதம் மூன்று நீரையும் எடுத்து, ஐந்து ஐந்து துளியாக விட்டு, ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை குலுக்கிப் பார்க்க வேண்டும். கொதிக்க வைப்பது பத்து நிமிடம், பிறகு ஆறவிட்டுத் துணியில் வடிக்க வேண்டும். சலவைத் தூளோ ஷம்போவோ பாவித்தால் எல்லாம் பாழ். அவை வன்னீரிலும் நுரைக்கும், மூன்று போத்தலும் ஒரே மாதிரி இருக்கும். மழைநீருக்குச் சில துளி போதும். கிணற்று நீருக்குப் பல மடங்கு போகலாம், போத்தலில் வெள்ளைத் திரளும் மிதக்கும். கொதித்த நீரில் துளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்து போனது. கடலுக்குக் கிட்ட உள்ள உவர்க் கிணறுகளில் கொதிக்க வைத்தும் பெரிதாகக் குறையாமல் இருக்கலாம். அது ஏன் என்பது அந்த மேசையில் எழும் அடுத்த கேள்வி.

ஐந்தில் ஒன்று என்ற எண்ணை எப்படியாவது காட்டியே தீர வேண்டும் என்று நினைப்பவருக்கும் வழி இருக்கிறது. துருப்பிடிக்கக்கூடிய இரும்புக் கம்பளியை வினாகிரியில் நனைத்துப் பிழிந்து, உயரமான குழாயின் அடியில் அடைத்து, தண்ணீரில் கவிழ்த்து வைக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் மினுங்கல் கம்பி துருப்பிடிக்காது, அது சரிவராது. இரும்பு ஒட்சிசனை எடுத்துக்கொண்டு வேறு வாயு எதையும் திருப்பித் தருவதில்லை, பெரிய சூடும் இல்லை, ஆகவே தண்ணீர் ஐந்தில் ஒன்றுக்குக் கிட்ட ஏறி நிற்கும். ஆனால் அதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். தொடக்கவுரை முடிந்ததும் அதை வாசலருகே வைத்து, பக்கத்தில் ஒரு தாளும் பேனையும் கட்டிவிடுங்கள். போகிற வருகிற பிள்ளைகள் நேரத்தையும் நீர்மட்டத்தையும் எழுதிக்கொண்டு போகட்டும்.