ஆயிரம் மில்லியனாக மாறினால்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தில் செம்பனை எண்ணெய் ஏற்றுமதிக் கணக்கை எக்செல் இரவில் தானாகவே இழுத்துக்கொள்ளும். மூலக் கோப்பில் தலைப்பு `RM '000` என்பதிலிருந்து `RM Million` ஆனது; 48,250 என்றிருந்த மாதம் 48.25 ஆனது. நம் தாளோ பழையபடி ஆயிரத்தால் பெருக்கி, 48 மில்லியன் ரிங்கிட்டை வெறும் 48 ஆயிரமாக்கிவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது, எண் எண்ணாகத்தானே இருக்கிறது!

பழைய மாதங்களும் சேர்ந்தே மாறினால் வளர்ச்சி விழுக்காடு அப்படியே இருக்கும், வரைபடமும் அதே வடிவில் நிற்கும். அதனால் விழுக்காட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பவர் குவெரியில் மேல்வரிகளை நீக்கும் படியில் அலகு எழுதிய வரியும் போய்விடும், அதையும் கவனியுங்கள்.

சரி, வழி இதுதான். போன முறை வந்த ஒரு பழைய மாதத்தின் எண்ணை C2-வில் மதிப்பாக ஒட்டி வையுங்கள். அதே மாதம் இம்முறை வந்த எண் B2.

```
=IF(ABS(LOG10(B2/C2))>1,"நிறுத்து","சரி")
```

வழக்கமான திருத்தங்கள் பத்து மடங்கைத் தொடாது. அலகு இப்படி மாறினால் ABS பகுதியின் மதிப்பு 3 ஆகும், கட்டத்தில் "நிறுத்து" என்று வரும். வெற்று அல்லது பூஜ்ய மாதத்தை மட்டும் எடுக்காதீர்கள், சூத்திரம் பிழை காட்டும்.