குளிர்நீர்த் தொட்டியில் தெர்மோக்ளைன் தடித்துப்போக நாமே செய்யும் தவறுகள்

ஏசிக்கான குளிர்நீரைச் சேமிக்கும் தொட்டி இது: அடியில் 5 டிகிரி நீர், மேலே 13 டிகிரி நீர், நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது, இரண்டும் சந்திக்கும் இடை அடுக்குதான் தெர்மோக்ளைன். ஒரு கன மீட்டருக்கு சுமார் 0.59 கிலோ எடை வித்தியாசம், அது ஒன்றுதான் இரண்டையும் கலக்காமல் பிரித்து வைத்திருக்கிறது. இவ்வளவு மெலிதான விஷயத்தை நம்பித்தான் மொத்தத் தொட்டியும் ஓடுகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் தவறுகள் எல்லாம் ஏன் தவறு என்பது தானாகப் புரியும்.

ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். விட்டம் 12 மீட்டர், நீர் உயரம் 12 மீட்டர், கொள்ளளவு ஏறக்குறைய 1,357 கன மீட்டர். டிஸ்சார்ஜில், அதாவது அடியிலிருந்து குளிர்நீரை எடுத்து, திரும்பி வரும் நீரை மேலே விடும்போது, உச்ச ஓட்டம் மணிக்கு 360 கன மீட்டர், நொடிக்குச் சொன்னால் 0.1. உச்சம் என்று சொன்னதைக் கவனிக்கவும். நாள் முழுவதுக்குமான சராசரியை வைத்து, நீரைத் தொட்டிக்குள் மெதுவாகப் பரப்பி விடும் துளைக் குழாயான டிஃப்யூசரைக் கணக்கிடுவது அடிக்கடி பார்க்கும் தவறு. தெர்மோக்ளைன் சராசரியில் கெடுவதில்லை, அந்த ஒரு மணி நேர உச்சத்தில்தான் கெடுகிறது.

இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்:

```
Fr = q / sqrt(g' * h^3)
Re = q / v
q  = ஓட்டம் / டிஃப்யூசரின் பயனுறு நீளம்
g' = g * (அடர்த்தி வித்தியாசம் / அடர்த்தி)
v  = உள்ளே வரும் நீரின் இயக்கப் பாகுநிலை
```

ஃப்ரூட் எண் 1-ஐத் தாண்டாமல் இருந்தால் உள்ளே வரும் நீர் பீய்ச்சி அடிக்காமல் தன் மட்டத்தில் படர்ந்து போகும். ரெனால்ட்ஸ் எண் அதற்கு அப்புறம் எவ்வளவு கலக்கல் தொடரும் என்பதைச் சொல்கிறது. இந்த உயரத் தொட்டிக்கு அதை 850 வாக்கில் நிறுத்துவது பாதுகாப்பு. இன்னும் உயரமான தொட்டிகளில் 2,000 வரைகூடப் போகிறார்கள், ஆனால் குட்டைத் தொட்டியில் அது நடக்காது, 200 அளவுக்கே இறங்க வேண்டியிருக்கும்.

இப்போது மேல் டிஃப்யூசரைப் பார்ப்போம், ஏனென்றால் டிஸ்சார்ஜின்போது நீர் உள்ளே வருவது அந்த வழியாகத்தான். எண்கோண வளையம் ஒன்று போட்டால் குழாயின் நீளம் சுமார் 26 மீட்டர். நீர் இரண்டு பக்கமும் படர்வதால் பயனுறு நீளம் 52. q 0.0019 என்று வருகிறது. h என்பது துளைக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளி, அதை 86 மிமீ வைத்தால் ஃப்ரூட் சரியாக 1. ஆஹா, முடிந்தது என்று வரைபடத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் ரெனால்ட்ஸைப் போட்டுப் பார்த்தால் 1,600.

இந்த இடத்தில்தான் பெரிய குழப்பம். ரெனால்ட்ஸ் சூத்திரத்தில் h கிடையாது. இடைவெளியை 86-லிருந்து 150 ஆக்குங்கள், 300 ஆக்குங்கள், ஃப்ரூட் அழகாக இறங்கும், ரெனால்ட்ஸ் இருந்த இடத்திலேயே நிற்கும். அதை இறக்க ஒரே வழி நீளத்தைக் கூட்டுவது. இரண்டு வளையம் போட்டுக் குழாயின் நீளம் 50 மீட்டர், பயனுறு நீளம் 100 என்று வந்தால் q 0.001, ரெனால்ட்ஸ் சுமார் 830, இடைவெளி 56 மிமீ போதும். எனவே முதலில் நீளம், அப்புறம்தான் இடைவெளி. இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டவர்கள்தான் அதிகம்.

இன்னொரு சின்னச் சறுக்கல்: பாகுநிலைக்கு 5 டிகிரி மதிப்பான 1.52-ஐயே (× 10⁻⁶ m²/s) எல்லா இடத்திலும் போட்டுவிடுவது. மேலே வருவது 13 டிகிரி நீர், அதற்கு 1.2 தான். தவறான மதிப்பில் 660 என்று காட்டும், உண்மையில் 830.

அந்த 56 மிமீயும் எந்த நீர்மட்டத்திலிருந்து? சாதாரண மட்டத்திலிருந்து அளந்தால், கசிவாலோ பராமரிப்புக்காக நீரை வடிப்பதாலோ மட்டம் ஆறு சென்டிமீட்டர் இறங்கிய நாளில் இடைவெளியே இல்லாமல் போகும், மேலிருந்து நீரை எடுத்துக் குளிர்வித்து அடியில் விடும் சார்ஜின்போது அதே துளைகள் காற்றையும் சேர்த்து இழுக்கும். இயக்கத்தில் வரக்கூடிய மிகக் குறைந்த மட்டத்திலிருந்து அளக்க வேண்டும்.

துளைகளின் மொத்தப் பரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது குழாயின் குறுக்குப் பரப்பில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எல்லாத் துளையிலும் நீர் சமமாக வராது, மேலே போட்ட கணக்கு எல்லாம் காகிதத்தோடு சரி.

சரி, டிஃப்யூசர் நன்றாக அமைந்துவிட்டது. அதன் பிறகும் தெர்மோக்ளைன் கெடுவது பெரும்பாலும் திரும்பி வரும் நீரால். 13 வர வேண்டிய இடத்தில் 9 டிகிரி வருகிறது என்று வையுங்கள். கொள்ளளவு பாதியாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான், ஆனால் அதோடு நிற்பதில்லை. நீரின் அடர்த்தி நேர்கோட்டில் மாறாது, 4 டிகிரிக்கு அருகே வளைவு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். அதனால் 5-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் 0.18 கிலோதான், பாதிகூட இல்லை, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே சுமையைத் தர ஓட்டமோ இரண்டு மடங்காகிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் 1 என்று வடிவமைத்த ஃப்ரூட் 3.6-க்குப் போகிறது. 2-ஐத் தாண்டினாலே கலக்கல் பலமாக இருக்கும். தொட்டியைக் குறை சொல்வதற்கு முன்னால், கட்டடத்துக் காற்றைக் குளிர்விக்கும் காயில்களின் வால்வுகளைப் போய்ப் பாருங்கள், மூன்றுவழி வால்வு ஒன்று திறந்தபடி குளிர்நீரை நேராகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்.

சார்ஜ் தொடங்கும்போது அடியில் இதே கதை வேறு மாதிரி நடக்கும். நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் ஓடத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள் வெளிவருவது வெதுவெதுப்பான நீர். அதை அடியில் இருக்கும் குளிர்நீருக்குள் விட்டால் அது மேலே எழும்பி, போகிற வழியெல்லாம் கலக்கிக்கொண்டே போகும். குறித்த வெப்பநிலை வரும்வரை பைபாஸில் சுற்றவிட்டு, பிறகு தொட்டி வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். "4-க்குக் கீழே இறக்கினால் இன்னும் கொஞ்சம் சேமிக்கலாமே" என்ற யோசனையும் வேண்டாம், 3 டிகிரி நீர் 4 டிகிரி நீரைவிட லேசானது.

அடுத்தது, சார்ஜைப் பாதியில் நிறுத்துவது. தெர்மோக்ளைன் மேல் டிஃப்யூசரை எட்டும்போது சில்லருக்கு வரும் நீர் 13-லிருந்து இறங்கத் தொடங்கும், சுமை குறையும், ஆபரேட்டர் நிறுத்திவிடுவார். மிச்சமிருக்கும் அடுக்கு மேலேயே தங்கும், அடுத்த நாள் அதன்மேல் புதிய அடுக்கு சேரும். சும்மா இருக்கும் தொட்டியில் வெப்பக் கடத்தல் ஒரு நாளில் ஏறக்குறைய 20 செ.மீ. அளவுக்குத்தான் பரவும், எனவே வாரக் கடைசியில் இரண்டு மீட்டர் தடிப்பு வந்திருந்தால் காரணம் இந்த மிச்சம்தான் என்று சந்தேகப்படலாம். சில நாளுக்கு ஒரு முறையாவது ஒரே ஒரு சில்லரை வைத்துக் குறைந்த ஓட்டத்தில் கடைசிவரை சார்ஜ் செய்து அதை வெளியே தள்ளிவிட வேண்டும்.

தடிப்பை அளக்கப் பலர் சென்சார்களுக்கு இடையிலான தூரத்தை எண்ணுகிறார்கள், அது துல்லியமாக வராது. நடுவில் இருக்கும் ஒரே ஒரு சென்சாரின் வரைகோட்டைப் பாருங்கள். நம் தொட்டியில் 360 கன மீட்டர் ஓட்டத்தில் அடுக்கு மணிக்கு 3.2 மீட்டர் நகர்கிறது. சென்சார் 5.8-லிருந்து 12.2 டிகிரிக்குப் போக 15 நிமிடம் ஆனால் தடிப்பு 0.8 மீட்டர், நல்ல நிலைதான். 40 நிமிடம் ஆனால் 2 மீட்டரைத் தாண்டிவிட்டது. கோட்டின் வடிவத்தையும் விடாதீர்கள்: குளிர்ப் பக்கம் செங்குத்தாக ஏறி, 10 டிகிரிக்கு மேலே மட்டும் வால் போல இழுத்துக்கொண்டு போனால் சிக்கல் மேல் டிஃப்யூசரிலோ திரும்பி வரும் நீரிலோ இருக்கிறது. வால் குளிர்ப் பக்கம் இருந்தால் சார்ஜ் தொடங்கும் முறையையும் அடி டிஃப்யூசரையும் போய்ப் பாருங்கள்.