கரண்ட் தோசைக்கல்லில மா ஒட்டுதா, கருகுதா?

வெள்ளவத்தை ஃப்ளாட்டுகளில கேஸ் இல்லாம கரண்ட் தோசைக்கல் பாவிக்கிற ஆக்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்டு இருக்கு, கல்லில இருக்கிற லைட் முதல் தரம் அணைஞ்ச உடனே மாவை ஊத்தாதேங்கோ. தெர்மோஸ்டாட் கரண்டை வெட்டினாலும் கீழ இருக்கிற கொயில் இன்னும் கொதிச்சுக்கொண்டுதான் இருக்கும், அதால பிளேட் சூடு வச்ச அளவைத் தாண்டி ஏறும், அந்த நேரம் ஊத்தினா மா கரண்டியோட இழுபட்டு வரும், பரவாது, அடியும் கருகும். லைட் திரும்ப பத்தி இரண்டாம் தரம் அணையட்டும், பிறகு ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சுப் பாருங்கோ. உருண்டு ஓடினா சூடு கூட, சும்மா கிடந்தா காணாது, சுர்ரெண்டு உடனே வத்தினாத்தான் பதம். சூடு கூடினா டயலைக் கொஞ்சம் குறைச்சு, ஈரத்துணியைப் பிழிஞ்சு ஒருக்கா துடைச்சிட்டு ஊத்துங்கோ. அடுத்த தோசைக்கும் இதேதான், தண்ணி தெளிச்சுப் பாத்திட்டு ஊத்துங்கோ.

இரும்பு பிளேட் எண்டா புதுசில மெல்லிசா நல்லெண்ணெய் பூசி, லேசா புகையிற வரைக்கும் சூடாக்கி ஆறவிட்டு, அதைத் திரும்பத் திரும்ப செய்யோணும், எண்ணெய் தடிப்பா இருந்தா பிசுபிசுத்துப் போகும். நொன்ஸ்டிக்கை மட்டும் அப்பிடி புகைய விடாதேங்கோ, கோட்டிங் போயிடும். அதுக்கு துணியில தொட்டு ஒரு பூச்சு காணும்.