நீண்ட மின்னஞ்சல் தொடரை மேலதிகாரிக்கு அனுப்பும்போது

இருபது மடல்கள் கொண்ட தொடரை "கீழே பார்க்கவும்" என்று மட்டும் எழுதி அனுப்பினால், தாம் எதை முடிவு செய்ய வேண்டும் என்பதையே மேலதிகாரி தேட நேரிடும். ஆகவே, கேள்வியை முதல் வரியிலேயே வைத்துவிடுங்கள். அச்சு இயந்திரப் பராமரிப்பு தொடர்பான மடல் ஒன்றை இப்படித் தொடங்கலாம்:

"ஐயா, பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வியாழன் மாலை 4 மணிக்குள் தங்கள் ஒப்புதல் தேவை. பழைய கட்டணம் ரூ.48,000, இப்போது உதிரிபாகங்களையும் சேர்த்து ரூ.56,000 கேட்கிறார்கள். சென்ற ஆண்டு உதிரிபாகங்களுக்கே தனியாக ரூ.14,000 செலவானதால், புதுப்பிக்கலாம் என்பது என் பரிந்துரை. கணக்குப் பிரிவின் ஆட்சேபம் 12ஆம் தேதி மடலில் உள்ளது."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மறைக்கப்பட்ட ஆட்சேபத்தை அவரே கண்டுபிடித்தால், சுருக்கம் முழுவதன் மீதும் நம்பிக்கை போய்விடும். பொருள் வரியிலும் பழைய தலைப்புக்கு முன் "ஒப்புதல் தேவை, வியாழன்" என்று சேர்த்துவிடுங்கள்.

பதில் மடல்களில் முந்தைய இணைப்புகள் பொதுவாகத் தொடர்ந்து வருவதில்லை என்பதால், விலைப்புள்ளியை மீண்டும் இணைக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் தொடரின் அடிவரை ஒருமுறை படித்து, அவருக்கு உரியதல்லாத உட்பேச்சு ஏதும் அதில் இருந்தால், தொடரை அப்படியே அனுப்பாமல் தேவையான மடல்களை மட்டும் தனியே அனுப்புங்கள்.